பல்லைப் பிடுங்கும் முன் எச்சிலை அளக்க வேண்டும்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மூட்டுவாதத் துறை மருத்துவர்கள் 2015-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் கண்ணீர்ச் சுரப்பிகளையும் உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கி அழிக்கும் ஷோகிரன் நோய் உள்ள 332 பேரைப் பற்றிய ஆய்வு அது. அவர்களில், வேலூருக்கு வருவதற்கு முன்பே தங்கள் நோய் இன்னதென்று கண்டறியப்பட்டிருந்தவர்கள் மிகச் சிலரே. மற்றொரு செய்தி இன்னும் யோசிக்க வைக்கிறது. வாயும் கண்ணும் வறள்வதுதான் இந்நோயின் முதன்மை அடையாளம். ஆனால் முதல் முறை மருத்துவர் முன் உட்கார்ந்தபோது அந்த வறட்சியைத் தாமாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான்.

திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கத்திலிருந்து வேலூர் சுமார் நூறு கிலோமீட்டர். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு, மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வருபவர்களும் கீழ்நாட்டுக் கடலைக்கொல்லைக்காரர்களும் வைத்தியத்துக்கு வருகிறார்கள். மூட்டுவாத நிபுணரைத் தேடி வேலூருக்கோ சென்னைக்கோ போவது அவர்களுக்குக் கடைசிக் கட்டம். பல்வலிக்கு மருத்துவரிடம் போவதோ முதல் கட்டம். ஆகவே இந்த நோய் வேலூருக்குப் போகும் முன், செங்கம் போன்ற ஊர்களின் பல் மருத்துவ நாற்காலியில் ஒருமுறையாவது உட்கார்ந்து எழுந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த நாற்காலியில் என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் பேச்சு.

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது நாற்பத்தைந்து. நிலத்தில் வேலை, இரண்டு மாடு. இரண்டு மூன்று ஆண்டுகளாக விரல் மூட்டுகளில் வலி. சிக்குன்குனியா வந்து போனதன் மிச்சம் என்று வீட்டில் பேச்சு. மாலையில் கண்ணில் மண் விழுந்தது போல உறுத்தல். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து தண்ணீர் குடிக்கிறார்; குடித்ததால் சிறுநீர் கழிக்கவும் எழுகிறார். ‘சர்க்கரையாக இருக்கும்’ என்று பயந்து ரத்தப் பரிசோதனை செய்கிறார். அளவு சரியாகவே இருக்கிறது. அதோடு அந்தச் சந்தேகம் முடிந்துவிடுகிறது. ‘உடம்பு சூடு, வெயில்ல சுத்துற, வெந்தயம் ஊற வச்சுக் குடி’ என்கிறார்கள். அவரும் யாரிடமும் அதைப் பற்றிப் பிறகு பேசுவதில்லை. நாக்கு வறள்வதெல்லாம் ஒரு வியாதியா?

அடுத்த ஆண்டில் பற்கள் விழத் தொடங்குகின்றன. ஈறோரத்தில் பழுப்பாக ஒரு கோடு, பிறகு குழி, பிறகு ஒருநாள் சோறு மெல்லும்போது பல் பாதியில் ஒடிந்து கையோடு வருகிறது. பல் மருத்துவர் அடைக்கிறார். ஆறு மாதத்தில் அடைத்த இடத்தின் ஓரமே சொத்தையாகி, அடைப்பு கழன்றுவிடுகிறது. மறுபடி அடைப்பதா என்ற கேள்வி வரும்போது செலவு குறுக்கே நிற்கிறது. கடைசியில் நம் ஊர்களில் எல்லாரும் கேட்டிருக்கும் அந்த வாக்கியம் வருகிறது: ‘மொத்தமா எடுத்துட்டு செட்டு கட்டிக்கம்மா.’

இந்த அறிவுரை எங்கே தவறுகிறது என்று பிறகு பார்ப்போம். முதலில், எச்சில் இல்லாத வாயில் பல் ஏன் இவ்வளவு வேகமாக அழிகிறது?

ஆரோக்கியமான ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. காதுக்கு முன்னும் கீழுமாக இருக்கும் காதடிச் சுரப்பிகள், தாடைக்கு அடியில் இரண்டு, நாக்குக்கு அடியில் இரண்டு, இவை தவிர உதட்டின் உட்புறத்திலும் கன்னத்திலும் அண்ணத்திலும் கடுகளவில் பல நூறு சிறு சுரப்பிகள். சாப்பிடும்போது காதடிச் சுரப்பி தண்ணீராகப் பெருக்குகிறது. சும்மா இருக்கும்போது வாயை ஈரமாக வைத்திருப்பது பெரும்பாலும் தாடையடிச் சுரப்பிகள். ஷோகிரன் நோயில் ரத்த வெள்ளணுக்களில் ஒருவகையான லிம்போசைட்டுகள் இந்தச் சுரப்பிகளுக்குள் கூட்டமாகக் குடியேறுகின்றன. எச்சில் சுரக்கும் திசு மெல்லமெல்லச் செயலிழந்து வற்றுகிறது.

உமிழ்நீரை வெறும் தண்ணீர் என்று நினைப்பதில்தான் தவறே தொடங்குகிறது. நாம் இனிப்போ மாவுப் பொருளோ சாப்பிட்ட சில நிமிடங்களில், பல்லில் படிந்திருக்கும் பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்குகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். எச்சிலில் உள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தை முறித்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நிலைமையைச் சீராக்கிவிடும். அதன்பின் எச்சிலில் கரைந்திருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லில் திரும்பப் படியும். இப்படிக் கரைவதும் படிவதுமாகத்தான் ஒவ்வொரு நாளும் பல் பிழைத்திருக்கிறது. எச்சில் வற்றினால் கரைவது மட்டுமே மிஞ்சுகிறது. ஒரு வாய் தேநீர் குடித்தபின் எழும் அமிலம் மணிக்கணக்கில் பல்லிலேயே தங்குகிறது. ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் வயதில் ஆபத்து இன்னும் அதிகம். வேரின் மேற்பரப்பு எனாமலைவிட மென்மையானது, பி.எச். ஆறரையை ஒட்டி இறங்கும்போதே அது கரையத் தொடங்கிவிடும்.

இதனால்தான் வறண்ட வாயின் சொத்தைக்குத் தனி முகம் உண்டு. சாதாரணச் சொத்தை கடைவாய்ப் பற்களின் பள்ளங்களிலும், இரு பற்களுக்கு இடைப்பட்ட சந்துகளிலும் வரும். வறண்ட வாயில் அது ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியைச் சுற்றிலும், வெட்டுப்பல்லின் கூர் விளிம்பிலும், கடைவாய்ப் பல்லின் மேடுகளிலும் வருகிறது. நாக்கும் எச்சிலும் எப்போதும் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கும் இடங்கள் அவை. குறிப்பாகக் கீழ்வரிசை முன்பற்களைப் பார்க்க வேண்டும். தாடையடிச் சுரப்பிகளின் வாய் அந்தப் பற்களுக்குப் பின்னால்தான் திறக்கிறது. எனவே சாதாரணமாகக் கடைசியில் கெடும் பற்கள் அவை. கீழ் முன்பற்களின் கழுத்தில் சொத்தை சுற்றி வந்திருக்கிறது என்றால், பல் தேய்க்காதவர் என்று நோயாளியைத் திட்டுவதற்கு முன் பல் மருத்துவர் ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

இந்தப் பகுதியில் வேறொரு குழப்பமும் நேர வழியுண்டு. பக்கத்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். பழுப்பேறிய பல்லைப் பார்த்தால் ‘போர் தண்ணி’ என்று சொல்லிவிடுவது இந்தப் பக்கத்தில் எளிது. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும். ஃபுளோரைடு கறை, பல் தாடைக்குள் உருவாகும் சிறு வயதில் குடித்த தண்ணீரால் வருவது. பல் முளைக்கும்போதே அது இருக்கும், இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், கீறிப் பார்த்தால் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். வறட்சிச் சொத்தை நாற்பது வயதில் புதிதாக வரும், கருவியால் தொட்டால் மெத்தென்று உள்வாங்கும். இந்த வேறுபாடு சிகிச்சைக்கும் முக்கியம். ஃபுளோரைடு என்றாலே விஷம் என்று கேட்டுப் பழகிய ஊரில், வறண்ட வாய்க்காரரின் பல்லைக் காப்பாற்றும் முதல் மருந்தே பல்லின் மேல் பூசும் ஃபுளோரைடுதான் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். சிறு வயதில் வயிற்றுக்குள் போவது வேறு, வளர்ந்தவரின் பல்மேல் பூசுவது வேறு என்பதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும்.

பல் கண்ணுக்குத் தெரிகிறது. சுவை தெரிவதில்லை, அதனால் அந்த இழப்பை யாரும் கணக்கில் வைப்பதுமில்லை. உப்போ புளிப்போ இனிப்போ எதுவானாலும், எச்சிலில் கரைந்து நாக்கின் நுண்துளைகளுக்குள் இறங்கினால்தான் சுவை மொட்டுக்கு எட்டும். எச்சில் இல்லையென்றால் குழம்பு சப்பென்று இருக்கிறது. சமைக்கும் பெண்ணுக்கே இது நேரும்போது என்ன ஆகும்? அவர் உப்பைக் கூட்டுகிறார். வீட்டில் மற்றவர்கள் ‘உப்புக் கரிக்குது’ என்று முகம் சுளிக்கிறார்கள். அதே சமயம் மிளகாய்க் காரம் அவருக்குத் தாங்க முடியாமல் எரிகிறது. எச்சிலில் இருக்கும் வழவழப்பான மியூசின் என்ற புரதம் நாக்கின் மேலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஒரு மெல்லிய படலமாகப் படர்ந்து காக்கிறது. அந்தக் காப்பு போய்விட்டதுதான் காரணம். சுவை குறைகிறது, எரிச்சல் கூடுகிறது என்று ஒருவர் இரண்டையும் சேர்த்துச் சொன்னால், அது மனப்பிரமை இல்லை.

நாக்கு சிவந்து, மேலிருக்கும் சொரசொரப்பு போய் வழுக்கையாகி, வாயின் இரு ஓரங்களும் வெடித்திருந்தால், கேண்டிடா என்ற பூஞ்சை சேர்ந்துவிட்டது என்று பொருள். அந்தப் பூஞ்சையை அடக்கிவைக்கும் புரதங்களும் எச்சிலில்தான் இருந்தன. ‘வைட்டமின் குறைவு’ என்று மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பப்படும் நாக்குகளில் சில இப்படிப்பட்டவை. பூஞ்சைக்கான பூச்சு மருந்தை இரண்டு வாரம் தடவினாலே எரிச்சல் பெரிதும் குறைந்துவிடும். சுரப்பி வற்றிய நிலை மாறாதவரை அது திரும்ப வரும் என்பதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

இனி விழுங்குவது. வாயில் போட்ட சோற்றைப் பல் அரைக்கிறது. எச்சில் அதை ஒன்றுசேர்த்து வழுக்கும் உருண்டையாக்குகிறது. நாக்கு அதைத் தொண்டைக்குத் தள்ளுகிறது. நடுவில் உள்ள எச்சில் இல்லையென்றால், அரைத்த சோறு உதிரியாகவே கிடந்து கன்னத்திலும் அண்ணத்திலும் ஒட்டிக்கொள்கிறது. பொரி, முறுக்கு, வறுத்த கடலை, அவித்த முட்டையின் மஞ்சள்கரு, பன், வேகவைத்த கிழங்கு ஆகியவை முதலில் கைவிடப்படும் பண்டங்கள். கேழ்வரகுக் களி மட்டும் இறங்கும். அதை மெல்லாமல் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதானே வழக்கம். சாமைச் சோறு உதிரியாக இருந்தால் இறங்காது. கஞ்சியாகக் கரைத்தால் இறங்கும். ஒருவரின் சாப்பாடு ஓராண்டில் எப்படி மாறியிருக்கிறது என்று கேட்டாலே பாதி நோய் தெரிந்துவிடும். ‘பொரியோ பிஸ்கட்டோ சாப்பிடத் தண்ணி வேணுமா?’ என்ற ஒரே கேள்வி, விலையுயர்ந்த சோதனைகள் பலவற்றுக்கு வாசல்.

‘தொண்டையில அடைக்குது’ என்று போகிறவருக்குக் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். ‘ஒன்றுமில்லை’ என்று அறிக்கை வருகிறது. உள்ளே அடைப்பு இல்லைதான்; குறை உணவுக்குழாயில் இல்லை, அதற்கு மேலே இருக்கிறது. அதே நேரத்தில் உணவுக்குழாயும் தப்புவதில்லை. இரைப்பையிலிருந்து மேலெழும் அமிலத்தைக் கழுவி முறிப்பதும் நாம் விழுங்கும் எச்சில்தான் என்பதால் இவர்களுக்கு நெஞ்செரிச்சல் அதிகம். மாத்திரைகள்கூட வழியில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். இரும்புச்சத்து மாத்திரை, டாக்சிசைக்ளின் போன்றவற்றைப் படுக்கப் போகும் நேரத்தில் ஒரு மடக்குத் தண்ணீரோடு போடுவது இவர்களுக்கு ஆகவே ஆகாது. உட்கார்ந்தபடி ஒரு தம்ளர் தண்ணீரோடு போட வேண்டும்.

இப்போது அந்த நாற்காலிக்குத் திரும்புவோம். எச்சிலை அளப்பதற்கு ஸ்கேன் வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு கிண்ணம், ஒரு கடிகாரம், ஒரு சிரிஞ்சு போதும். நோயாளி அதற்கு முன் ஒன்றரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல், பல் துலக்காமல், பாக்கு போடாமல் இருக்க வேண்டும். தலையைச் சற்றே முன்னுக்குச் சாய்த்து உட்கார்ந்து, வாயை அசைக்காமல், ஊறும் எச்சிலைப் பதினைந்து நிமிடம் கிண்ணத்தில் வடியவிட வேண்டும். நன்றாகச் சுரக்கும் ஒருவருக்கு இந்த நேரத்தில் நான்கைந்து மில்லி, அதாவது கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி சேரும். ஒன்றரை மில்லியோ அதற்குக் கீழோ என்றால், நிமிடத்துக்கு 0.1 மில்லிக்கு மேல் இல்லை. சுரப்பி வற்றியிருக்கிறது என்பதற்கு உலகெங்கும் ஒப்புக்கொண்ட எல்லை அது. நுரையாக இருந்தால் சிரிஞ்சு ஏமாற்றும். அப்போது எடை பார்ப்பது நல்லது, ஒரு கிராம் ஒரு மில்லிக்குச் சமம்.

நம் கற்பனைப் பெண்ணுக்கு 0.9 மில்லி சேர்ந்தது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 0.06. வறட்சி உண்மை என்று தெரிந்துவிட்டது. காரணம் இன்னும் தெரியவில்லை. ஒவ்வாமைக்கும் சளிக்கும் போடும் மாத்திரைகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் போன்றவை சுரப்பியைக் கெடுக்காமலே எச்சிலை நிறுத்தும். கட்டுப்படாத சர்க்கரையும் அப்படித்தான். ஆகவே என்னென்ன மாத்திரை போடுகிறார் என்பதைப் பையோடு வாங்கிப் பார்ப்பது அடுத்த படி. மருந்தால் வந்த வறட்சி மருந்தை மாற்றினால் தீரும். சுரப்பியின் வறட்சி தீராது.

இவருக்கு அப்படி மருந்து எதுவும் இல்லை. கண்ணின் கீழிமையில் ஒரு தாள் துண்டைச் செருகி, ஐந்து நிமிடத்தில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்க்கலாம். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நனையாவிட்டால் கண்ணும் வற்றியிருக்கிறது. அடுத்து ரத்தத்தில் ‘ஆன்டி ஆர்.ஓ.’ என்ற எதிர்ப்புரதம். 2016-ல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத அமைப்புகள் சேர்ந்து வகுத்த மதிப்பெண் முறையில் இந்த எதிர்ப்புரதத்துக்கு 3, எச்சில் அளவுக்கு 1, கண் தாளுக்கு 1. மொத்தம் 4 வந்தால் ஷோகிரன் என்று வகைப்படுத்துவார்கள். இவருடைய ரத்தத்தில் அந்த எதிர்ப்புரதம் இருந்தது என்று வைத்துக்கொண்டால், எச்சிலும் ரத்தமும் சேர்ந்தே 4 வந்துவிடுகிறது. எதிர்ப்புரதம் இல்லாதவர்களுக்குக் கீழுதட்டின் உட்புறத்தில் சிறிதாகக் கீறி, நான்கைந்து சிறு சுரப்பிகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டுக் கால்மணி நேரத்தில் முடியும் வேலை அது. பல் மருத்துவருக்குக் கைவந்த வேலையும்கூட.

பெயர் தெரிந்து என்ன பயன், நோயைக் குணமாக்க மருந்து இல்லையே என்று கேட்கலாம். ஒழிக்க மருந்து இல்லை என்பது உண்மை. ஆனால் பெயர் தெரியாமல் இருப்பதன் விலை பல்லோடு நிற்பதில்லை. இந்நோய் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தாக்கினால் உடலிலுள்ள பொட்டாசியம் வெளியேறிவிடும். அப்போது நேற்றுவரை நடந்தவர் ஒருநாள் காலையில் கைகால் அசைக்க முடியாமல் கிடப்பார். இப்படி வந்து, பிறகு ஷோகிரன் என்று தெரிந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவ இதழ்கள் பலமுறை எழுதியிருக்கின்றன. நூறில் ஐந்து பேர் வாக்கில் லிம்போமா என்ற புற்றுநோயும் வருகிறது. காதடியில் ஒரு பக்கம் வீங்கி, வாரக்கணக்கில் வடியாமல் கெட்டியாக இருந்தால் அதை அம்மை என்றோ சளி என்றோ விடக்கூடாது.

இந்நோயை முழுமையாக எழுதியவர் ஹென்ரிக் ஷோகிரன் என்ற ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர். 1933-ல் 19 பெண்களைப் பற்றி அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வுக்கு உள்ளூரில் பெரிய மதிப்புக் கிடைக்கவில்லை. அதற்கும் 45 ஆண்டுகளுக்கு முன், 1888-ல், லண்டனில் ஹேடன் என்ற மருத்துவர் நாக்கு வறண்ட ஒரு மூதாட்டிக்கு பிரேசில் நாட்டு ஜபொராண்டி இலையின் சாறு கொடுத்து எச்சில் ஊற வைத்தார். அந்த இலையிலிருந்து எடுக்கப்படும் பைலோகார்பின்தான் இன்றும் எச்சில் ஊறத் தரப்படும் முதன்மை மாத்திரை. 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று நான்கு முறை. மிச்சமிருக்கும் சுரப்பியை விரட்டி வேலை வாங்கும் மருந்து அது. சுரப்பி முழுக்க வற்றியவருக்குப் பலன் இல்லை. வியர்த்துக் கொட்டும். ஆஸ்துமா கட்டுப்படாதவர்களுக்கும் ஒருவகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் கூடாது. சுரப்பி மிச்சமிருக்கும்போதுதான் இந்த மருந்து வேலை செய்யும்; சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேரான காரணம் வேண்டியதில்லை.

மாத்திரை ஒருபுறம் இருக்கட்டும். பல்லைக் காப்பது அன்றாட வழக்கத்தில்தான் இருக்கிறது, அந்த வழக்கம் நம் ஊரில் எங்கே சறுக்குகிறது என்பதையும் பேச வேண்டும். நாக்கு வறண்டால் ஜவ்வாது மலைக்காரர் எதை எடுப்பார்? மலையில் புளிக்கும் நெல்லிக்காய்க்கும் குறைவில்லை. ஒரு கொட்டைப் புளியை வாயில் அடக்கினால் எச்சில் ஊறும். நல்ல சுரப்பி உள்ளவருக்கு அதனால் கேடில்லை. வற்றிய வாயில், முறிக்க எச்சில் இல்லாத நிலையில், அந்தப் புளிப்பே நேராகப் பல்லை அரிக்கும். மிட்டாய் அடக்குவதும், அரைமணிக்கொருமுறை சர்க்கரைத் தேநீரால் வாயை நனைப்பதும் இதே வகைதான். வெற்றிலைப் பாக்கு இன்னும் மோசம். நாக்கு நனைய வேண்டுமென்றால் வெறும் தண்ணீர், ஒரு மடக்கு ஒரு மடக்காக. மெல்ல ஏதாவது வேண்டுமென்றால் சைலிட்டால் உள்ள, சர்க்கரை இல்லாத சூயிங்கம். சாப்பிட்டு முடித்ததும் ஒரு தம்ளர் தண்ணீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடா கரைத்துக் கொப்பளித்துத் துப்பலாம். எச்சில் செய்ய வேண்டிய பைகார்பனேட் வேலையில் ஒரு பங்கை அது செய்துவிடும். இரவில் எல்லோருக்குமே எச்சில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது, ஆகவே காலையில் துலக்குவதைவிடப் படுக்கும் முன் துலக்குவது இவர்களுக்கு முக்கியம். ஃபுளோரைடு உள்ள பற்பசையில் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீர் விட்டுக் கழுவாமல் படுத்துவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவர் ஃபுளோரைடு வார்னிஷ் பூச வேண்டும். ஐந்து நிமிடம்கூட ஆகாத வேலை. சாம்பலிலோ செங்கல் பொடியிலோ தேய்க்கிறவர்கள் அதை நிறுத்தியாக வேண்டும். மெலிந்துபோன எனாமலுக்கு அது உப்புத்தாள்.

இப்போது ‘செட்டு’. எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டால் சொத்தைப் பிரச்சினையே தீர்ந்தது என்பது கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கழற்றி மாட்டும் மேல்வரிசைச் செட்டு அண்ணத்தில் நிற்பதே நடுவில் இருக்கும் எச்சில் படலத்தால்தான். எச்சில் இல்லாத வாயில் அது நிற்காது. பேசும்போது கீழே விழும், உராய்ந்து புண்ணாக்கும், அடியில் பூஞ்சை பிடிக்கும். சில மாதங்களில் அது டப்பாவுக்குள் போய்விடும். பல்லும் இல்லை, செட்டும் இல்லை, எச்சிலும் இல்லை என்ற நிலையில் அந்தப் பெண்ணுக்கு மிஞ்சுவது கஞ்சி. வறண்ட வாயில் வேரோடு நிற்கும் நான்கு பல் இருந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு. பிறகு எதைக் கட்டினாலும் அதைப் பிடித்துக்கொள்ள அவை வேண்டும்.

புற்றுநோய்க்குத் தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கும் சுரப்பி கருகி இதே வறட்சி வருகிறது. அவர்களுக்குக் காரணம் தெரியும், எனவே கண்டுபிடிக்கும் சிக்கல் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கதிர்பட்ட தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் காயம் ஆறாமல் எலும்பே செத்துப்போகும் ஆபத்து உண்டு. எடுக்க வேண்டிய பல்லைக் கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன்பே எடுத்துக் காயம் ஆறவிட வேண்டும். சிகிச்சை முடிந்தவர், எத்தனை ஆண்டு ஆனாலும், எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் ‘எனக்குக் கரண்ட் வச்சிருக்காங்க’ என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

அரசிடம் கேட்பதற்கு இங்கே பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டு வாசலில் வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் அத்திட்டத்தின் பெண் பணியாளர்கள், சர்க்கரை சரியாக இருந்தும் தாகம் என்று சொல்பவரிடம் ‘காஞ்ச பண்டம் முழுங்கத் தண்ணி வேணுமா, கண்ணு உறுத்துதா’ என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். தாலுகா மருத்துவமனைப் பல் பிரிவுக்கு ஃபுளோரைடு வார்னிஷும் பைலோகார்பினும் தடையில்லாமல் கிடைக்கச் செய்வது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்குக் கடினமல்ல. ஆன்டி ஆர்.ஓ. சோதனைக்கு நோயாளியை அனுப்ப வேண்டியதில்லை, ரத்த மாதிரியை மட்டும் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி அங்கிருந்து முடிவைப் பெறும் ஏற்பாடு வேண்டும். ஒரு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழந்து நூறு கிலோமீட்டர் போகச் சொன்னால், பாதிப் பேர் போக மாட்டார்கள்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கலாம். உங்கள் வீட்டில் நாற்பதைக் கடந்த ஒரு பெண் இரவில் தலைமாட்டில் சொம்பு வைத்துப் படுக்கிறார், அவருடைய கீழ் முன்பற்களின் கழுத்தில் பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது, ‘மொத்தமா எடுத்துடலாம்’ என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்றால், அந்த நாளை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். எச்சிலை அளந்து பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அதற்குப் பதினைந்து நிமிடம் போதும்.